சாலிட்வொர்க்ஸில் பொருந்திய பம்ப் அசெம்பிளியில் ஏன் உரசியது?

வேலைக்கான நேர்காணலில் "என்ன சாஃப்ட்வேர் தெரியும், என்ன ஸ்டாண்டர்டில் டிராயிங் போடுவீர்கள், எந்தப் பொருளை டிசைனில் இருந்து உற்பத்தி வரைக்கும் கொண்டு போனீர்கள்?" என்று மூன்று கேள்வி தவறாமல் வரும். மூன்றுக்கும் சேர்த்து நான் காட்டுவது ஒரே ஒரு பாகத்தின் டிராயிங். 5 எச்.பி. மோனோபிளாக் பம்ப் ஒன்றின் பிராக்கெட், அதாவது மோட்டாரையும் பம்ப் கேசிங்கையும் இணைக்கும் வார்ப்பு. ரிவிஷன் A ஒரு தாள், ரிவிஷன் B ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியது, ஏன் மாறியது என்று சொல்ல ஆரம்பித்தால் மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிடும். அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன். பம்ப் துறையில் இல்லாதவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன், ஏனென்றால் ஒன்றுக்குள் ஒன்று சுற்றும் பாகம் இருக்கும் எந்தப் பொருளிலும் இந்தச் சிக்கல் உண்டு.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் ஆட்டோகேடில் பழைய டிராயிங்குகளைத் திருத்தும் வேலை. அப்புறம் சாலிட்வொர்க்ஸ் வந்தது. முழுக்க என் கையால் மாடல் செய்த முதல் பம்ப் இதுதான். விவசாயத்துக்கான மோனோசெட் பம்புகளுக்கு ஐ.எஸ். 9079 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. பம்ப் எவ்வளவு தண்ணீர் தர வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். கேசிங், பிராக்கெட் இரண்டும் ஐ.எஸ். 210 படி எஃப்.ஜி. 200 தர வார்ப்பிரும்பு. டிராயிங் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. டைட்டில் பிளாக்கில், தனியாக டாலரன்ஸ் குறிக்காத அளவுகளுக்கெல்லாம் பொதுவாக `ISO 2768-mK` என்று போட்டிருந்தேன். எங்கள் கம்பெனி டெம்ப்ளேட்டிலேயே அது இருந்தது. அந்த வரியில் இருக்கும் `K` என்ன சொல்கிறது என்று நான் அதுவரை ஸ்டாண்டர்டைத் திறந்து பார்த்ததில்லை.

பம்பின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மோனோபிளாக்கில் மோட்டாரின் ஷாஃப்டே நீண்டு வந்து இம்பெல்லரைத் தாங்கும். ஷாஃப்டைப் பிடிப்பது பிராக்கெட்டில் இருக்கும் பேரிங். அதே பிராக்கெட்டின் மறுபக்கத்தில் ஸ்பிகாட் என்ற வட்டமான மேடு இருக்கும். அது கேசிங்கின் வாயில் உட்காரும். கேசிங்குக்குள் வேர் ரிங் என்ற வெண்கலத் தேய்மான வளையம். அந்த ரிங்குக்குள்தான் இம்பெல்லரின் கழுத்து சுற்றும். கழுத்து 90 மி.மீ., ரிங்கின் துளை 90.40 மி.மீ. ஆக விட்டத்தில் 0.40, ஒரு பக்கத்துக்கு 0.20 மி.மீ. இடைவெளி. இதைப் பெரிதாக்கினால் அழுத்தம் ஏறிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத் திரும்பி உறிஞ்சும் பக்கத்துக்கே ஓடிவிடும், பம்பின் திறன் குறையும். சிறிதாக்கினால் உரசும்.

முதல் மாதிரி பம்ப் அருமையாக ஓடியது. தண்ணீர், ஆம்பியர், திறன் எல்லாம் கணக்கிட்டபடி. வார்ப்பில் மட்டும் ஒரு தவறு செய்திருந்தேன். மாடலில் டிராஃப்ட் கொடுக்காமல் பேட்டர்ன் கடைக்கு அனுப்பிவிட்டேன். மரத்தில் செய்யும் பேட்டர்ன் மண்ணிலிருந்து உருவி வெளியே வர வேண்டும் என்பதால் அவர்களே ஒரு டிகிரி சாய்வு சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சாய்வில் கேசிங்கின் வெளிச்சுவர் தடித்து, ஒரு போல்ட்டின் தலைக்கு ஸ்பேனர் போகவில்லை. சாய்வை நானே மாடலில் கொடுத்திருந்தால் எந்தப் பக்கம் உலோகம் கூட வேண்டும், எந்தப் பக்கம் குறைய வேண்டும் என்று தீர்மானித்திருக்கலாம். அதைச் சரி செய்துவிட்டு, 25 பம்புக்கு முன்னோட்ட உற்பத்தி போட்டோம்.

அசெம்பிளியில் ஆறு பம்ப் சுற்றவில்லை. சுற்றவே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபேன் பக்கம் கையை வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கரகரவென்று சத்தம் வந்தது. இது எனக்குத் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். மதியம் லைனுக்குப் போனபோது ஃபிட்டர் அண்ணா கேசிங் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் கீழிருந்து இரண்டு தட்டு தட்டி, ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"உரசுது தம்பி. இப்படித் தட்டினா சரியாப் போயிடும். ரெண்டு மூணு இப்படித்தான் அனுப்பினேன்" என்றார்.

அவர் சொன்ன வார்த்தையில்தான் பாதி விடை இருந்தது. கீழிருந்து மேலே தட்டினால் சரியாகிறது என்றால் கேசிங் கீழே இறங்கி உட்காருகிறது. ஸ்பிகாட்டில் இடைவெளி அதிகம். ஆனால் அது மட்டும்தானா என்று தெரிய வேண்டும். அதனால் உரசிய பம்புகளைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம்.

உரசல் எங்கே பட்டிருக்கிறது என்பதை வைத்து எந்தப் பாகம் தவறு என்று சொல்லிவிடலாம். வேர் ரிங்கில் ஒரே ஓரத்தில் மட்டும் பளபளப்பு, இம்பெல்லர் கழுத்தில் சுற்றிலும் பளபளப்பு என்றால் நிற்கும் பாகங்கள் மையம் விலகியிருக்கின்றன. ஏனென்றால் சுற்றுகிற கழுத்து முழுவதும் வந்து அந்த ஒரே இடத்தைத் தொடுகிறது. அதற்கு நேர்மாறாக, ரிங்கில் சுற்றிலும் தடம், கழுத்தில் ஒரு இடத்தில் மட்டும் தடம் என்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது இம்பெல்லர் மையம் தவறியிருக்கிறது. எங்கள் ஆறிலும் ரிங்கில்தான் ஒரு ஓரம், அதிலும் நான்கில் மேல் பக்கம். கேசிங் கீழே இறங்கினால் ரிங்கின் மேல் ஓரம்தான் கழுத்தைத் தொடும். ஆகவே ஷாஃப்டையும் இம்பெல்லரையும் முதல் குற்றவாளிகளாகப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்தது டயல். பிராக்கெட்டின் பேரிங் போரில், அதாவது பேரிங் உட்காரும் துளையில், மேண்ட்ரல் என்ற துல்லியமான தண்டைப் போட்டு, சென்டருக்கு இடையில் வைத்துச் சுற்றி, ஸ்பிகாட்டில் டயல் முள்ளை வைத்தோம். நல்ல பம்புகளில் முள் 0.05 முதல் 0.08 வரை ஆடியது. உரசிய பம்புகளில் 0.14 முதல் 0.18. டயலில் முள் ஆடும் மொத்த அளவில் பாதிதான் மைய விலகல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 0.18 ஆடினால் மையம் 0.09 விலகியிருக்கிறது.

மிக மோசமாக உரசிய பம்பின் கணக்கு இப்படி இருந்தது. பிராக்கெட்டில் 0.09. கேசிங்கில் ஸ்பிகாட் உட்காரும் துளைக்கும் ரிங் உட்காரும் துளைக்கும் டயல் 0.10, அதாவது 0.05. ஸ்பிகாட்டுக்கும் துளைக்கும் அளந்த இடைவெளி 0.12, கேசிங் தன் எடையில் இறங்குவது அதில் பாதி, 0.06. மூன்றும் சேர்ந்து 0.20. அந்தப் பம்பில் ரிங்குக்கும் கழுத்துக்கும் நிஜமாக இருந்த இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.215. மிச்சம் 0.015. ஷாஃப்ட், இம்பெல்லர், பேரிங் மூன்றும் இந்த 0.015க்குள் அடங்கியிருக்க வாய்ப்பே இல்லை. உரசத்தான் செய்யும்.

பிராக்கெட்டைக் கடைந்து தரும் ஜாப் ஆர்டர் பட்டறைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் போனேன். அங்கே மூத்த டர்னர் ஒருவர் என் டிராயிங்கையே எடுத்து விரித்தார். "பேரிங் போர் ஒரு பக்கம், ஸ்பிகாட் மறு பக்கம். ஒரு தடவை சக்கில் பிடிச்சு போரை முடிச்சேன். திருப்பிப் பிடிச்சு ஸ்பிகாட்டை முடிச்சேன். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வேணும்னு நீங்க எங்க தம்பி போட்டிருக்கீங்க?" என்றார்.

எங்கும் போடவில்லை. போரின் விட்டம் சரியான டாலரன்ஸோடு இருந்தது, ஸ்பிகாட்டின் விட்டமும் இருந்தது. இரண்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்பது டிராயிங்கில் ஒரே மையக்கோடாக மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு எந்த அளவும் கிடையாது. அப்படியானால் டைட்டில் பிளாக்கில் போட்ட பொது டாலரன்ஸ்தான் செல்லும். அன்று மாலை முதல் முறையாக ஐஎஸ்ஓ 2768இன் இரண்டாம் பகுதியைத் திறந்து பார்த்தேன். சுற்று ரன்-அவுட்டுக்கு, அதாவது பாகத்தைச் சுற்றும்போது டயல் முள் ஆடும் மொத்த அளவுக்கு, `H` என்றால் 0.1, `K` என்றால் 0.2, `L` என்றால் 0.5 மி.மீ. நான் போட்டது `K`. ஆக 0.2 வரை ஆடலாம் என்று நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 0.18 ஆடிய பிராக்கெட் என் டிராயிங்கின்படி நல்ல பிராக்கெட். பட்டறையின் மேல் எந்தத் தவறும் இல்லை.

(இந்த இரண்டாம் பகுதியை 2021இல் ஐஎஸ்ஓ விலக்கிக்கொண்டு அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 22081ஐக் கொண்டுவந்துவிட்டது. பழைய வரியைச் சுமந்திருக்கும் டெம்ப்ளேட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. உங்களுடையதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

அப்படியென்றால் முதல் மாதிரி எப்படி நன்றாக ஓடியது? அதை எங்கள் டூல்ரூமில் செய்தார்கள். அவர்களுக்குப் பம்ப் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். நான் டிராயிங்கில் எழுதாததையும் அவர்களே புரிந்துகொண்டு, மேண்ட்ரலில் பிடித்து, மையம் பார்த்துக் கடைந்துவிட்டார்கள். ஒரு மாதிரி ஓடியதை வைத்து டிராயிங் சரி என்று நினைத்தது என் பிழை. அது அந்த மனிதர்களின் திறமைக்குத்தான் சான்று.

சாஃப்ட்வேரின் பங்கையும் சொல்ல வேண்டும். சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளியில் `Concentric` என்ற மேட் கொடுத்தால் இரண்டு உருளையின் மையமும் துல்லியமாக ஒன்றாகிவிடும், விலகல் பூஜ்யம். குறுக்கீடு இருக்கிறதா என்று பார்க்கும் `Interference Detection` ஓட்டினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது பார்ப்பது பெயரளவு உருவத்தை மட்டுமே. அப்புறம் டிராயிங்கில் நான் `Model Items` கட்டளையால் அளவுகளைத் தானாக வரவழைத்திருந்தேன். அது நான் ஸ்கெட்ச் போட்ட வரிசையில் அளவுகளைக் கொண்டுவந்து கொட்டும். நான் ஸ்கெட்சை வெளி ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து ஆரம்பித்திருந்தேன், எனவே அளவுகளும் அங்கிருந்தே ஓடின. பம்புக்கு அந்த முகம் எந்த விதத்திலும் முக்கியமில்லை. பிராக்கெட்டில் எல்லாம் பேரிங் போரிலிருந்துதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்வது அதுதான். இன்றைக்கு `Model Items`ஐ ஒரு வரைவுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன், அளவுகளைக் கையால்தான் வைக்கிறேன்.

ரிவிஷன் B போடுவதற்கு முன்னால் எக்ஸெலில் ஒரு டாலரன்ஸ் சங்கிலி போட்டேன். பேரிங் மையத்தில் தொடங்கி ஒவ்வொரு பாகமாகத் தாண்டி ரிங்கின் உள்விளிம்பு வரை, டிராயிங் அனுமதிக்கும் அதிகபட்ச விலகலை ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று எழுதினேன். ரிவிஷன் A இப்படி வந்தது:

```
பிராக்கெட் ரன்-அவுட் 0.2        0.100
ஸ்பிகாட் 160 H8/f7              0.073
கேசிங் ரன்-அவுட் 0.2            0.100
வேர் ரிங்                       0.015
ஷாஃப்ட் ரன்-அவுட்               0.025
இம்பெல்லர் போர் 28 H7/h6        0.017
இம்பெல்லர் கழுத்து ரன்-அவுட்      0.025
மொத்தம்                        0.355
```

கையில் இருந்த இடம் 0.20. ஸ்பிகாட் எண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். 160 மி.மீ. அளவில் `H8` துளை 0.063 வரை பெரிதாகலாம், `f7` மேடு 0.083 வரை சிறிதாகலாம். கூட்டினால் 0.146, பாதி 0.073. சுலபமாக உட்கார வேண்டும் என்று நினைத்து இந்தப் பொருத்தத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

கூட வேலை பார்த்த ஒருவர், எல்லாமே ஒரே நேரத்தில் மோசமாக வராது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடு என்றார். எடுத்தால் 0.165 வருகிறது, 0.20க்குள் அடங்கிவிடுகிறது. கணக்குப்படி பம்ப் உரசக் கூடாது. ஆனால் லைனில் 25க்கு ஆறு உரசியது. காரணம், அந்த முறை ஒவ்வொரு விலகலும் எந்தத் திசையிலும் சிதறும் என்று வைத்துக்கொள்கிறது. எங்கள் கேசிங் எப்போதும் கீழே மட்டும்தான் இறங்கியது. சக்கில் திருப்பிப் பிடிக்கும்போது வரும் விலகலும் அந்த லாட் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக வரும். இரண்டும் சிதறல் கிடையாது. சங்கிலியில் இப்படி ஒரு பக்கமாகச் சாயும் கண்ணி இருந்தால் அதை வர்க்கமூலத்துக்குள் விடாமல், நேரடியாகக் கூட்ட வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

ரிவிஷன் Bயில் மூன்று மாற்றம்தான். பிராக்கெட்டில் பேரிங் போரை டேட்டம் A, அதாவது மற்றதை அளக்க அடிப்படை, என்று குறித்து, ஸ்பிகாட்டுக்கு அதைச் சார்ந்து 0.05 ரன்-அவுட் கொடுத்தேன். கேசிங்கில் ஸ்பிகாட் துளையை டேட்டமாக்கி ரிங் துளைக்கு அதே 0.05. ஸ்பிகாட் பொருத்தத்தை `H7/h6` ஆக்கினேன், அதில் அதிகபட்ச இடைவெளி 0.065, ஒரு பக்கத்துக்கு 0.033. இப்போது சங்கிலி 0.025, 0.033, 0.025 என்று தொடங்கி, மீதி மாறாமல், 0.165இல் முடிகிறது. வர்க்கமூலத்தில் வந்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல். இது முழு மோசமான நிலைக்கான நேர்க்கூட்டல். மிச்சம் 0.035 பேரிங்கின் உள் இடைவெளிக்கும் ஷாஃப்டின் லேசான வளைவுக்கும் போகும். நிறைய இடம் இல்லை, ஆனால் போதும்.

இந்த எண்களை எழுதுவதற்கு முன்னால் டிராயிங்கைத் தூக்கிக்கொண்டு அதே டர்னரிடம் போனேன். 0.05 அவரால் முடியுமா, எப்படி முடியும் என்று கேட்காமல் எழுதுவதில் அர்த்தமில்லை. சாதாரண மூன்று தாடைச் சக்கில் திருப்பிப் பிடித்தால் முடியாது என்றார். மோட்டார் பக்கத்தில் பேரிங் போரையும் ஸ்டேட்டர் உட்காரும் ஸ்பிகாட்டையும் ஒரே பிடியில் முடித்துவிட்டு, அந்த ஸ்டேட்டர் ஸ்பிகாட்டை சாஃப்ட் ஜாவில் பிடித்தால் முடியும். சாஃப்ட் ஜா என்பது மெஷினிலேயே வைத்து அந்த வேலைக்கு அளவாகக் கடைந்துகொள்ளும் தாடை, அதனால் மையம் தவறாது. கேசிங்கில் இரண்டு துளையையும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே பிடியில் எடுக்கலாம், ஆனால் போரிங் பார் உள்ளே போக ஒரு விளிம்பு தடுக்கிறது என்றார். அந்த விளிம்பை 4 மி.மீ. குறைத்தேன், தண்ணீர் ஓட்டத்துக்கு அதனால் பாதிப்பில்லை.

விலை ஏறும் என்று அவர் சொன்னார், நியாயம்தான். அதை ஈடுகட்ட டிராயிங்கை மறுபடி முழுக்க வாசித்தேன். வெளி ஃபிளாஞ்சின் விட்டத்துக்கு ±0.1 என்று எந்தக் காரணமும் இல்லாமல் போட்டிருந்தேன். எதிலும் பொருந்தாத விட்டம் அது. பொது டாலரன்ஸுக்கு விட்டால் ±0.5 கிடைக்கும். போல்ட் முகத்தின் பின்பக்கத்தை முழுக்கக் கடையச் சொல்லியிருந்தேன், போல்ட் தலை உட்காரும் வட்டத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று மாற்றினேன். ஏறிய விலையில் பெரும்பகுதி இதில் திரும்பி வந்துவிட்டது. ரிங்கின் துளையை 0.2 பெரிதாக்கிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. ஒரு பம்பில் செய்து சோதித்தோம். உரசவில்லை, ஆனால் திறனில் கையிருப்பாக வைத்திருந்த சொற்பமும் போய்விட்டது. அதைக் கைவிட்டோம்.

அடுத்த 25 பம்பில் ஒன்றும் உரசவில்லை. பிராக்கெட் டயல் 0.02 முதல் 0.04. லைனில் ரப்பர் சுத்தியல் தேவைப்பட்டால் தட்டாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஃபிட்டர் அண்ணாவிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சொன்னபடி செய்தார்.

அப்படித்தான் மூன்றாவது லாட்டில் ஒரு அழைப்பு வந்தது. டயல் வைத்தால் 0.07. பட்டறையில் விசாரித்தபோது, நடுவில் வேறு வேலைக்காக சாஃப்ட் ஜாவைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது மறுபடி கடையாமல் ஓட்டியிருக்கிறார்கள். சாஃப்ட் ஜாவின் மையம் அது மாட்டியிருக்கும்வரைதான் நிஜம். கழற்றினால் புதிதாகக் கடைய வேண்டும். டிராயிங்கில் இதை எழுத இடமில்லை, எழுதவும் கூடாது, டிராயிங் சொல்ல வேண்டியது எவ்வளவு வேண்டும் என்பதைத்தான். எனவே சோதனைத் தாளில் சேர்த்தோம். ஒவ்வொரு லாட்டிலும் முதல் பிராக்கெட், ஜா கழற்றி மாட்டினால் அடுத்த முதல் பிராக்கெட், அப்புறம் பத்துக்கு ஒன்று, மேண்ட்ரலில் போட்டு டயல் வாசிப்பை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தாளின் ஒரு நகலையும் இரண்டு ரிவிஷனோடு சேர்த்தே இன்றும் வைத்திருக்கிறேன்.